மொத்தத்தில் 49 நாள், பெயின்ற் மட்டும் 182 நாள்: ஹாட்வெயார் கடையின் இருப்புக் கணக்கு எங்கே பிசகுகிறது?

கல்முனைக்கும் செங்கலடிக்கும் இடையில் உள்ள சில ஹாட்வெயார் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கடை மாறினாலும் பிழை பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும்படி இதை எழுதுகிறேன். உங்கள் கடையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கையைக் கடிப்பது கடைசியில் வரும்.

அதற்கு முன் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தொகுதியின் வருட விற்பனைக் கிரயத்தை, அதாவது விற்ற சரக்கை நீங்கள் வாங்கிய விலையை, அதன் சராசரி இருப்பால் வகுத்தால் இருப்புப் புரள்வு. 365ஐ அந்தப் புரள்வால் வகுத்தால் சரக்கு சராசரியாக எத்தனை நாள் கடையில் கிடக்கிறது என்று தெரியும். எக்ஸெலில் C நிரலில் வருட விற்பனைக் கிரயத்தையும், D முதல் P வரை 13 மாத முடிவு இருப்புகளையும் போடுங்கள். போன மார்ச் 31 முதல் இந்த மார்ச் 31 வரை என்றால் 13 வரும்.

```
=C2/AVERAGE(D2:P2)
=365*AVERAGE(D2:P2)/C2
```

முதலாவது புரள்வு, இரண்டாவது நாள். கீழே உள்ள உதாரணக் கடையை வைத்துத்தான் மற்றதைச் சொல்லப் போகிறேன். தொகைகள் இலட்சம் ரூபாயில்.

| தொகுதி | விற்பனைக் கிரயம் | சராசரி இருப்பு | புரள்வு | நாள் |
|---|---|---|---|---|
| சீமெந்து | 240 | 6 | 40 | 9 |
| கம்பி, கூரைத் தகடு | 120 | 20 | 6 | 61 |
| பைப், வயர் | 48 | 16 | 3 | 122 |
| பெயின்ற் | 36 | 18 | 2 | 182 |
| மொத்தம் | 444 | 60 | 7.4 | 49 |

## அறிகுறி 1: மொத்தக் கணக்கில் குறையில்லை, ஆனால் செக் பாஸாகக் காசில்லை

மொத்தத்தை மட்டும் பார்க்கிறீர்களா? மேலே உள்ள கடை முதலாளி 49 நாள் என்ற எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வையுங்கள். கம்பனிகள் 60 நாள் கடன் தருகின்றன, சரக்கு 49 நாளில் போய்விடுகிறது, பிறகென்ன கவலை என்று தோன்றும். அந்த 49ஐ இழுத்துக் கீழே கொண்டுவருவது சீமெந்து ஒன்றுதான். விற்பனைக் கிரயத்தில் பாதிக்கு மேல் அதனுடையது, இருப்பில் அதன் பங்கோ பத்தில் ஒன்று. தொகுதி தொகுதியாகப் பிரித்த உடனேயே பெயின்ற் 182 நாளில் நிற்பது வெளியே வரும்.

கிரயத்துக்குப் பதிலாக விற்பனைத் தொகையை வகுத்தீர்களா? நான் அதிகம் காண்கிற பிழை இது. இருப்பு கிரய விலையில் இருக்கும், மேலே போடும் தொகையை மட்டும் பில் புத்தகத்திலிருந்து விற்பனை விலையில் எடுத்துப் போடுவார்கள். எல்லாத் தொகுதிக்கும் ஒரே அளவில் பிழைத்தால் ஒப்பிடவாவது முடியும். அப்படிப் பிழைப்பதில்லை. சீமெந்தில் இலாபம் சொற்பம், அதனால் விற்பனை விலையில் போட்டாலும் 9 நாள் 9 நாளாகவே நிற்கும். பைப், வயரில் இலாபம் கூட. 48 இலட்சக் கிரயச் சரக்கு 64 இலட்சத்துக்கு விற்றிருந்தால், 64ஐ 16ஆல் வகுத்து 4 தடவை, 91 நாள் என்று வந்துவிடும். உண்மை 122. இலாபம் கூடிய சரக்குத்தான் பெரும்பாலும் தேங்கும் சரக்கு, அதைத்தான் இந்தப் பிழை நல்லதாகக் காட்டுகிறது.

சோதிப்பது சுகம். நீங்கள் போட்ட விற்பனைக் கிரயத்தை வருட விற்பனையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே தொகையாக இருந்தால் பிழை அங்கேதான். வற் பதிவு உள்ள கடை என்றால் இன்னொன்றும் பாருங்கள். கொள்வனவு பில்லில் உள்ள 18 சதவீத வற் இருப்பில் சேர்ந்திருக்கக் கூடாது, அது திரும்பக் கோரும் தொகை. இருப்பில் வற் சேர்ந்தும் கிரயத்தில் சேராமலும் இருந்தால் நாள் சும்மா ஏறித் தெரியும்.

கடன் நாளும் இருப்பு நாளும் பொருந்துகிறதா? எண்கள் சரி என்றால் மிஞ்சுவது இதுதான். பெயின்ற் கம்பனிக்கு 60ஆம் நாள் செக் போகிறது, சரக்கு 182ஆம் நாள்தான் காசாகிறது. இடையிலுள்ள 122 நாளுக்கும் சீமெந்து விற்ற காசுதான் முட்டுக்கொடுக்கிறது. சீமெந்துக்காரருக்கு ஒரு கிழமையில் காசு கட்ட வேண்டிய கடையில் இது எப்படி முடியும்? மேலதிகப் பற்று ஏறும், அதற்கு வட்டியும் ஏறும்.

பெயின்ற்றை 90 நாளுக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு காசு வெளியே வரும் என்று பாருங்கள். 36ஐ 365ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9 இலட்சம். இப்போது முடங்கியிருப்பது 18. அதாவது பாதிக் காசு மீளும். கடன் நாளைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்பது இதைவிட இலேசான வழி போலத் தெரியும், ஆனால் கூடின கடனோடு கூடின சரக்கும் வந்து இறங்கும்.

## அறிகுறி 2: ஒரு தொகுதியின் நாள் திடீரென ஏறிவிட்டது

லொறி வந்தது, பில் ஏறவில்லை. முதலில் பார்க்க வேண்டியது இது, ஐந்து நிமிட வேலை. சிறிய கடைகளில் விற்பனைக் கிரயம் என்பது ஆரம்ப இருப்பும் கொள்வனவும் சேர்ந்து, அதில் இறுதி இருப்பைக் கழித்தால் வருவது. மாதக் கடைசி மாலையில் 4 இலட்சத்துக்குச் சீமெந்து இறங்குகிறது. ஸ்டோரில் எண்ணியாயிற்று, இன்வொய்ஸ் மட்டும் 2ஆம் திகதிதான் கணக்கில் ஏறுகிறது. ஆரம்ப இருப்பு 6, கணக்கில் ஏறிய கொள்வனவு 20, எண்ணிய இருப்பு 10 என்றால் கிரயம் 16 ஆகிவிடும். சராசரி இருப்பு 8. முப்பது நாள் மாதத்தில் 15 நாள் என்று வரும். அந்தப் பில்லையும் சேர்த்தால் கொள்வனவு 24, கிரயம் 20, நாள் 12. ஒரே ஒரு பில் மூன்று நாளைத் தூக்கிவிட்டது, அடுத்த மாதம் அதே பில் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு மாதம் ஏறி மறுமாதம் அதேயளவு இறங்கினால் வேறு காரணம் தேட வேண்டாம், மாதத்தின் கடைசி மூன்று நாளும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று நாளும் வந்த இறக்கல் துண்டுகளை இன்வொய்ஸோடு பொருத்திப் பாருங்கள்.

மார்ச் 31 பிடித்த படம். நமது கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு அப்போது இரண்டு கிழமைதான் இருக்கும். பெரும்போக வெள்ளாண்மை வெட்டிக் காசு கையில் புழங்கும் நேரமும் அதுதான். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் வருவார்கள் என்று கடை நிறைத்து வைத்திருக்கும். அந்த நாளில் எண்ணிய இருப்பை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? நமது உதாரணக் கடையில் பெயின்ற் இருப்பு போன மார்ச் 31இல் 26 இலட்சம், இந்த மார்ச் 31இல் 28 இலட்சம், சராசரி 27. கிரயம் 36. நாள் 274 வந்து நிற்கும். பதின்மூன்று மாத முடிவுகளையும் எடுத்தால் 182. இரண்டும் ஒரே கடை, ஒரே வருடம், ஒரே சரக்கு.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்புப் பெருநாள் வியாபாரம் பெரிது. அந்தக் கடைகளில் ஒரு மார்ச்சை இன்னொரு மார்ச்சோடு ஒப்பிடுவதே சரிவராது. பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது. 2025இல் அது மார்ச் 31ஆம் திகதியே வந்தது, ஆகவே எண்ணும்போது பெருநாள் சரக்கு ஏற்கெனவே விற்றுப் போயிருக்கும். பெருநாளுக்கு ஒரு மாதத்துக்கு முன் எண்ணினால் அதே கடையில் தட்டுகள் நிறைந்திருக்கும்.

றெப் வந்து போன கிழமை. இதைப் பலர் யோசிப்பதில்லை. கம்பனி றெப்புக்கு மாத டார்கெட் இருக்கிறது. 25ஆம் திகதிக்குப் பிறகு கடைக்கு வந்து, பத்துக்கு ஒன்று இலவசம், இந்த மாதம் மட்டும் ஓபர் என்று ஏற்றிவிட்டுப் போவார். அப்படியென்றால் மாத முடிவு இருப்பு எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும், பதின்மூன்று மாதத்தைச் சராசரி எடுத்தாலும் அந்தச் சாய்வு போகாது. பெயின்ற் தொகுதியை மட்டும் ஒரு மூன்று மாதத்துக்கு 15ஆம் திகதியும் எண்ணிப் பாருங்கள். 15ஆம் திகதி எண்ணும் மாத முடிவு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் பழைய கணக்கே போதும். பெரிய இடைவெளி இருந்தால் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். இலவசமாக வந்த ஒரு தகரத்தையும் பதினொன்றில் ஒன்றாகக் கிரயத்தில் பகிர்ந்து போடுங்கள். சும்மா வந்தது என்று பூச்சியத்தில் விட்டால், காசு கொடுத்த பத்தும் விற்ற பிறகு இருப்பு குறைந்து தெரியும்.

மழைக்கென்று வாங்கி வைத்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம் வந்தால் வீதி அடைபடும், திருகோணமலைப் பக்கமிருந்து வரும் சீமெந்து லொறி வெருகலுக்கு அப்பால் நிற்க வேண்டி வரும். அந்தப் பயத்தில் ஒக்டோபர் கடைசியில் இரட்டிப்பாக இறக்கியிருந்தால் நாள் ஏறத்தான் செய்யும். அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் கட்டட வேலையும் படுத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. லொறி வராமல் போகக்கூடிய நாளுக்கு மழைக்கால விற்பனை வேகத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். ஓகஸ்ட் மாத வேகத்தில் கணக்குப் போட்டு வாங்கினால் சீமெந்து ஸ்டோரிலேயே இறுகும்.

உண்மையிலேயே விற்பனை விழுந்துவிட்டது. மேலே உள்ளவை எதுவும் இல்லையென்றால் இதுதான், செலவு கூடினதும் இதுதான். பக்கத்தில் புதுக் கடை திறந்திருக்கலாம், மேசன்மார் வேறு பிராண்டுக்கு மாறியிருக்கலாம். கடைசி மூன்று மாத விற்பனையைப் போன வருடம் அதே மூன்று மாதத்தோடு எண்ணிக்கையில் ஒப்பிடுங்கள், ரூபாயில் வேண்டாம். விழுந்தது உறுதி என்றால் முதல் வேலை அடுத்த ஓடரை நிறுத்துவது. இரண்டாவது, சீல் உடைக்காத தகரங்களைக் கம்பனி திருப்பி எடுக்குமா என்று கேட்பது. விலையைக் குறைத்துத் தள்ளுவது அதற்குப் பிறகு.

## அறிகுறி 3: இருப்பு மைனஸில் காட்டுகிறது, அல்லது நாள் நம்ப முடியாத அளவு குறைவு

அலகு மாறிப் போயிருக்கிறது. பைப், வயர் தொகுதியில் மைனஸ் வந்தால் பத்துக்கு எட்டுத் தடவை இதுதான். வயர் 100 மீற்றர் சுருளாக வருகிறது, கடையில் மீற்றராக வெட்டிக் கொடுக்கிறோம். கொள்வனவில் 1 என்று அடித்து, விற்பனையில் 15 என்று அடித்தால் இருப்பு −14. எண்ணைப் பார்த்தாலே பிடிபடும். கொள்வனவில் ஒற்றை இலக்கமும் விற்பனையில் பெரிய எண்களுமாக ஒரு பொருள் ஓடிக்கொண்டிருந்தால் அலகுதான் பிழை. பைப்பை நீளமாக வாங்கி அடிக்கணக்கில் விற்பதும், ஆணியைப் பெட்டியாக வாங்கிக் கிலோவில் விற்பதும் இதே கதை.

தீர்வு, விற்கும் அலகிலேயே கொள்வனவையும் பதிவது. ஒரு சுருள் வந்தால் 100 என்று பதியுங்கள், கிரயத்தையும் 100ஆல் வகுத்துப் போடுங்கள். கிரயத்தை வகுக்க மறந்தால் மைனஸ் போய்விடும், ஆனால் இருப்பு நூறு மடங்காகப் பெருத்து நிற்கும்.

பெயர் இரண்டு, பொருள் ஒன்று. அரை அங்குல எல்போவை ஒருவர் ஒரு பெயரிலும் இன்னொருவர் வேறு பெயரிலும் அடித்திருப்பார்கள். ஒன்று மைனஸில் இருக்கும், மற்றது அசையாமல் பிளஸில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஸ்டோரில் உள்ள எண்ணிக்கை வரும். பெயரை ஒன்றாக்கினால் முடிந்தது.

சரக்கு குறைகிறது. அலகும் பெயரும் சரி, ஆனால் எண்ணும் ஒவ்வொரு தடவையும் அதே ஐந்தாறு பொருள் குறைகிறது என்றால் பில் போடாமல் வெளியே போகிறது. கடன் கொப்பியில் எழுதி பில் போட மறந்ததா என்று முதலில் பாருங்கள். தெரிந்த மேசன் வந்து "முதலாளி, ரெண்டு தாங்க, பின்னேரம் கணக்கு முடிப்பம்" என்று எடுத்துப் போனது அங்கேதான் கிடக்கும். அங்கும் இல்லையென்றால் ஆளைக் குற்றம் சொல்வதற்கு முன் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 4: நாள் சரியாக இருக்கிறது, ஆனால் கேட்கிற சாமான் இல்லை

தொகுதிச் சராசரி உள்ளே நடப்பதை மூடிவிடும். பைப், வயர் தொகுதியில் 122 நாள் என்றால் எல்லாப் பொருளும் 122 நாள் கிடக்கிறது என்று அர்த்தமில்லை. அரை அங்குல எல்போ பத்து நாளில் முடிந்து, வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார். இரண்டரை அங்குல ரெடியூசர் இரண்டு வருடமாகத் தட்டில் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் அந்த எண்.

பொருட்களைத் தனி ஷீற் ஒன்றில் எழுதி, ஒவ்வொரு பொருளும் கடைசியாக விற்ற திகதியை F நிரலில் போட்டு, பக்கத்தில் இதைப் போடுங்கள்.

```
=IF(TODAY()-F2>180,"பார்","")
```

"பார்" என்று வந்தவற்றை மட்டும் வடிகட்டி, அவற்றின் கிரயத்தைக் கூட்டுங்கள். தொகுதி இருப்பில் கால்வாசிக்கு மேல் அங்கே இருந்தால், தொகுதியின் நாளைப் பார்த்து ஓடர் போடுவதை விட்டுவிட வேண்டும். அதைப் பார்த்து ஓடரைக் குறைத்தால் குறைவது ஓடுகிற சாமான்தான், கிடக்கிறது கிடந்தபடியே இருக்கும். நாளைக் குறைக்கச் சொன்ன முதலாளிமார் பலர் இந்த வழியில்தான் வியாபாரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், தாளை மடித்து வைத்துவிட்டு ஸ்டோருக்குள் போங்கள். 9 நாள் என்று காட்டும் சீமெந்தில்கூட ஒரு கதை இருக்கும். புது லோட் வந்ததும் முன்னால் அடுக்குவார்கள், விற்கும்போது முன்னாலிருந்தே எடுப்பார்கள். பின்சுவரோரம் அடியில் உள்ள பொதிகள் வெளிச்சத்தையே காண்பதில்லை. பொதியில் அடித்திருக்கும் திகதியைப் பாருங்கள், மூலையை விரலால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டுப்பட்டு, அது விரலுக்குள் நசுங்கித் தூளானால் அடுக்கின் அழுத்தத்தில் இறுகியது, விற்கலாம். நசுங்காத கட்டி என்றால் ஈரம் பிடித்துவிட்டது, கொங்கிரீற் வேலைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. மூன்று மாதம் தாண்டினால் நல்ல இடத்தில் வைத்த சீமெந்தே வலுக் குறையத் தொடங்கும், நமது மார்கழிக் குளிர் ஈரத்தில் அவ்வளவு காலமும் தாங்காது. பலகை போட்டு நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து ஆள் போகுமளவு இடம் விட்டு அடுக்கினால் பின்னாலும் ஆள் போய் எடுக்கலாம்.

பெயின்ற்றில் பார்க்க வேண்டியது தகரத்தின் விளிம்பு. கடற்காற்று படுகிற கடைகளில் மூடியைச் சுற்றித் துரு ஏறிவிடும். உள்ளே பெயின்ற் நன்றாக இருந்தாலும் அந்தத் தகரத்தை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள்.

## அறிகுறி 5: நாள் குறைந்துகொண்டே வருகிறது, ஸ்டோரோ நிறைந்தே இருக்கிறது

விலை ஏறிய காலத்தில் வரும் பிழை. 2022இல் ரூபாய் விழுந்து சாமான் விலை ஏறியபோது பல கடைகளில் இதைக் கண்டேன். இருப்பு பழைய பில் விலையில் கிடக்கும், விற்பனைக் கிரயத்தைப் புதிய பில் விலையில் போட்டிருப்பார்கள். ஸ்டோரில் 60 எனாமல் தகரம், மூன்று மாதத்தில் விற்றது 30 என்றால் எண்ணிக்கையில் 180 நாள். இருப்பைத் தகரம் 4,000 ரூபாயிலும் கிரயத்தை 6,000 ரூபாயிலும் போட்டால் 120 நாள் என்று வரும். சந்தேகம் வந்தால் ரூபாயை விட்டுவிட்டு எண்ணிக்கையில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் எந்தக் கிரயத்தில் பதிவது என்று ஒரு முறையைத் தீர்மானித்து, இரண்டு பக்கத்துக்கும் அதையே வையுங்கள்.

## எப்போது கணக்காளரைக் கூப்பிட வேண்டும்

துருப்பிடித்த தகரத்தையும் இறுகிய சீமெந்தையும் கிரயத்துக்குக் கீழே விற்க வேண்டி வந்தால், கிரயமா தேறக்கூடிய விலையா எது குறைவோ அந்தப் பெறுமதிக்குத்தான் இருப்பைக் காட்ட வேண்டும். அது அந்த வருட இலாபத்தையும் வரியையும் தொடும், அதனால் மார்ச் 31 கணக்கு மூடுவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். எண்ணிய பட்டியல், படம், கடைசியாக விற்ற திகதி, இப்போது கிடைக்கக்கூடிய விலை என்பவற்றைக் கொண்டுபோனால் அவருக்கும் வேலை இலேசு. இவற்றில் இல்லாத எதையும் பிறகு எழுதிச் சேர்க்கச் சொல்லாதீர்கள்.

இருப்பை மதிக்கும் முறையை மாற்ற நினைத்தாலும், கோரிய வற்றும் கொள்வனவுப் பில்களும் பொருந்தாவிட்டாலும் நீங்களே திருத்தாமல் அவரிடமே விடுங்கள். அதே ஐந்தாறு பொருள் தொடர்ந்து குறைகிறது என்றால், கடையோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு முன்னறிவிப்பில்லாமல் அந்தப் பொருட்களை மட்டும் எண்ணுவியுங்கள், ஒரு கிழமை கழித்து அதே ஆளைக் கொண்டு மறுபடி எண்ணுவியுங்கள். சொப்ட்வெயாரில் மைனஸ் நூற்றுக்கணக்கான பொருளில் பரவிவிட்டால் ஒவ்வொன்றாகத் திருத்தி முடியாது. ஒரு நாள் கடை மூடி முழுவதையும் எண்ணி, அந்த எண்ணிக்கையை ஆரம்ப இருப்பாக ஏற்றித்தரச் சொப்ட்வெயார்காரரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் பழைய தரவின் பிரதி ஒன்றை பென் டிரைவில் எடுத்துக் கணக்காளர் கையில் கொடுத்துவிடுங்கள்.